ஒரே கம்ப்ரசர், இரண்டு குறிப்புகள்

கோவைப் பக்கத்து நூற்பாலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆட்டோகோனர்களுக்குக் காற்று கொடுக்கும் 55 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர் பழசாகிவிட்டது. இன்னொரு ஓவர்ஹாலுக்குச் செலவழிப்பதைவிட மாற்றிவிடுவதே மேல் என்று பராமரிப்புப் பிரிவு முடிவு செய்துவிட்டது. பழையபடி ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரசர் 11 லட்சம் ரூபாய். வி.எஃப்.டி. பொருத்திய, காற்றின் தேவைக்கேற்ப வேகம் மாறும் கம்ப்ரசர் 15 லட்சம் ரூபாய். விலைகள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் கொட்டேஷனில் வேறாக இருக்கும். விலை கூடிய கம்ப்ரசரை வாங்க நிதித் தலைவரின் ஒப்புதல் வேண்டும். அந்தக் குறிப்பை இரண்டு விதமாக எழுதலாம்.

முதல் குறிப்பு விற்பனையாளர் கொடுத்த தாளிலிருந்து பிறக்கிறது. "35 சதவீதம் வரை மின்சேமிப்பு" என்கிறது அந்தத் தாள். கம்ப்ரசர் 60 கிலோவாட் இழுக்கிறது, ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடுகிறது. ஆக 4,80,000 யூனிட். அதில் 35 சதவீதம் 1,68,000 யூனிட். ஈ.பி. பில் தொகையை யூனிட்டால் வகுத்தால் ஒரு யூனிட் 9 ரூபாய். ஆண்டுச் சேமிப்பு 15 லட்சத்துக்கு மேல். போட்ட முதல் ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடும்.

இந்தக் குறிப்பு நிதித் தலைவரின் மேசையில் நிற்காது. அவர் இயந்திரம் அறியாதவராக இருக்கலாம். ஆனால் வருடம் முழுவதும் முழு லோடில் ஓடும் இயந்திரத்தில் வேகத்தைக் குறைத்து எப்படி மிச்சம் பிடிப்பீர்கள் என்று கேட்க அவருக்குப் பொறியியல் தேவையில்லை. முழு லோடு, பெரும் சேமிப்பு இரண்டும் ஒரே இயந்திரத்தில் சேர்ந்து இருக்க முடியாது.

இரண்டாவது குறிப்பு கம்ப்ரசரின் முன்னால் நின்று எழுதப்படுகிறது. கன்ட்ரோலர் திரையில் Running Hours, Loaded Hours என்று இரண்டு எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை காலை குறித்து, அடுத்த திங்கள் அதே நேரத்தில் மறுபடி குறித்தால் அந்த வாரத்தில் கம்ப்ரசர் எவ்வளவு நேரம் காற்றை அழுத்தியது, எவ்வளவு நேரம் அன்லோடில் சும்மா சுழன்றது என்று தெரிந்துவிடும். நம் ஆலையில் லோடு 60 சதவீதம், அன்லோடு 40 சதவீதம் என்று வைப்போம். அன்லோடில் காற்று வராது, மோட்டார் மட்டும் ஓடும்; அப்போதும் முழு லோடு மின்சாரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்க்கொண்டே இருக்கும். வி.எஃப்.டி. மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான்.

அளக்கும்போது பலர் சறுக்குவதும் இங்கேதான். கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்பியர் பார்த்து, அதை வைத்தே கிலோவாட் கணக்கிட்டுவிடுவார்கள். அன்லோடில் பவர் ஃபேக்டர் நன்றாக இறங்கிவிடும். ஆம்பியர் பாதிக்குப் பக்கத்தில் நிற்கும்போது உண்மையான கிலோவாட் 30 சதவீதமாக இருக்கும். லோடில் இருந்த பவர் ஃபேக்டரையே இதற்கும் போட்டால், இல்லாத நஷ்டம் கணக்கில் ஏறும். அதே அளவு இல்லாத சேமிப்பும் ஏறும். கம்ப்ரசருக்குத் தனி யூனிட் மீட்டர் ஒரு வாரம் போட்டு எடுத்த எண்ணே நம்பத் தக்கது.

இனிக் கணக்கு எளிது. லோடில் 60 கிலோவாட், அன்லோடில் 18. நேரப் பங்கின்படி சேர்த்தால் சராசரி 43.2 கிலோவாட், ஆண்டுக்கு 3,45,600 யூனிட். வி.எஃப்.டி. கம்ப்ரசர் அதே காற்றை ஏறத்தாழ 38.5 கிலோவாட்டில் கொடுக்கும். டிரைவில் போகும் இழப்பும் இதில் அடக்கம். ஆண்டுக்கு 3,08,000 யூனிட். மிச்சம் 37,600 யூனிட். விற்பனையாளர் தாளை நம்பிப் போட்ட கணக்கில் நாலில் ஒரு பங்குகூட இல்லை.

யூனிட் விலையும் இறங்கும். 9 ரூபாய் என்பது டிமாண்ட் சார்ஜையும் சேர்த்த சராசரி. தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புக்குப் பதிவான டிமாண்ட், அல்லது ஒப்பந்த டிமாண்டில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்ட வேண்டும். கம்ப்ரசர் மாறுவதால் அது குறையாது; உச்ச நேரத்தில் வி.எஃப்.டி. கம்ப்ரசரும் முழு வேகத்தில் ஓடும். ஆகவே மின்கட்டணத்தை மட்டும் எடுக்க வேண்டும், 7.50 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,82,000 ரூபாய் மிச்சம். டிரைவின் பராமரிப்புக்கு 20,000 கழித்தால் 2,62,000. சொந்தக் காற்றாலை உள்ள ஆலை இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: காற்றாலை மின்சாரமே போதுமாக இருக்கும் மாதங்களில், மிச்சமாகும் யூனிட்டின் மதிப்பு ஈ.பி. விலை அல்ல.

இதை எந்த முதலோடு ஒப்பிடுவது என்பதில்தான் இரண்டு குறிப்புகளும் முற்றிலும் பிரிகின்றன. 15 லட்சத்தை 2,62,000ஆல் வகுத்தால் முதல் திரும்ப ஐந்தே முக்கால் வருடம் ஆகும் என்று வரும். நிதித் தலைவர் கோப்பை மூடிவிடுவார். ஆனால் பழைய கம்ப்ரசரை எப்படியும் மாற்றத்தான் போகிறோம், 11 லட்சம் எப்படியும் செலவாகத்தான் போகிறது. அவர் ஒப்புக்கொள்ள வேண்டியது கூடுதலான 4 லட்சத்தை மட்டுமே. அது ஒன்றரை வருடத்தில் திரும்பிவிடும். பழைய கம்ப்ரசர் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தால் இந்த வாதத்துக்கு இடமில்லை. அப்போது முழு 15 லட்சத்தையும் காட்டியாக வேண்டும். ஆகவே மாற்றியே தீர வேண்டும் என்பதற்கு ஓவர்ஹால் கொட்டேஷன், சென்ற ஆண்டின் நிறுத்தப் பதிவு இரண்டையும் குறிப்போடு இணைக்க வேண்டும். என் பார்வையில், இந்த இணைப்பு இல்லாத குறிப்பு பாதிக் குறிப்புதான்.

ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறும் ஆலை அதை விலையில் சேர்க்க வேண்டாம். ஆனால் வாங்கும் மாதத்தில் 2,70,000 ரூபாய் கையை விட்டுப் போகும் என்பதைத் தனி வரியில் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது குறிப்பு தன் எல்லையையும் சொல்கிறது. லோடு 75 சதவீதமாக இருந்தால் நிகர மிச்சம் ஒரு லட்சம் அளவுக்குச் சுருங்கி, 4 லட்சம் திரும்ப நாலு வருடம் ஆகும். 90 சதவீதமானால் ஒரே வேக கம்ப்ரசர் சராசரியாக இழுப்பது 55.8 கிலோவாட், டிரைவ் இழப்போடு வி.எஃப்.டி. இழுப்பதும் அதே அளவு. மிச்சம் எதுவும் இல்லை. அடுத்த ஆண்டு இன்னும் இரண்டு ஆட்டோகோனர் வாங்கும் திட்டம் இருந்தால், அதை மறைத்து ஒப்புதல் வாங்குவது தவறு.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேள்வி வரும். பைப்லைன் கசிவை அடைத்துவிட்டால் 37 கிலோவாட்டிலேயே ஒரே வேக கம்ப்ரசர் போதாதா? நியாயமான கேள்வி. ஆலை ஓடாத நாளில் கம்ப்ரசரை மட்டும் ஓட்டி, அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்க அது எவ்வளவு நேரம் லோடு எடுக்கிறது என்று பார்த்தால் கசிவு தெரியும். 2 நிமிடம் லோடு, 6 நிமிடம் அன்லோடு என்று வந்தால், கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் கால் பங்கு ஓட்டை வழியே போகிறது. அதை அடைத்த பிறகும், எல்லா ஆட்டோகோனர்களும் ஒன்றாக ஓடும் நேரத்தில் 37 கிலோவாட் கம்ப்ரசரால் அழுத்தத்தைப் பிடிக்க முடியாது என்று காட்ட முடிந்தால் மட்டுமே 55 கிலோவாட்டைக் கேட்கலாம். முடியாவிட்டால் சின்ன கம்ப்ரசரைக் கேட்பதே முறை.

முதல் குறிப்பு ஒரு வருடம் என்றது, இரண்டாவது ஒன்றரை வருடம் என்கிறது. இருந்தும் கையெழுத்து விழுவது இரண்டாவதில்தான். அதன் ஒவ்வோர் எண்ணையும் நிதித் தலைவர் ஆள் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்ள முடியும். கம்ப்ரசர் அறைக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கொட்டேஷன் கேட்பதற்கு முன்னால் ஒரு வார மீட்டர் கணக்கை எடுத்துவிடுங்கள், புது இயந்திரம் வந்தபின் அதே மீட்டரை எந்த மாதம், யார் பார்த்து அறிக்கை கொடுப்பார் என்பதையும் குறிப்பின் கடைசி வரியாக எழுதிவிடுங்கள்.