வேகஸ் நரம்பும் ஒரு தொழில்வாழ்வும்: அறுவை மருத்துவத்தில் ஆழமும் அகலமும்

1. கேள்வியும் அதன் எல்லையும்

ஒரே வேலையை ஆழ உழுவதா, பல வேலைகளைத் தெரிந்து வைத்துக்கொள்வதா என்ற கேள்வியைப் பொதுவாகக் கேட்டால் பொதுவான விடைதான் கிடைக்கும். அதனால் இக்கட்டுரை ஒரே ஒரு துறையை எடுத்துக்கொள்கிறது: முன்சிறுகுடல் புண்ணுக்கு, நம் பேச்சில் அல்சருக்கு, வேகஸ் நரம்பைத் துண்டித்துச் செய்யப்பட்டுவந்த அறுவைச் சிகிச்சை. 1940களில் எழுந்து, 1970களில் உச்சம் தொட்டு, 1990களில் ஏறக்குறைய மறைந்துபோன துறை இது. அதன் முழு வாழ்நாளும் ஒரு மனிதரின் பணிக்காலத்தைவிடச் சற்றுத்தான் நீளம். எனவே அதை நம்பி இறங்கியவருக்கும், இறங்காமல் எல்லாவற்றையும் செய்துகொண்டிருந்தவருக்கும் என்ன நேர்ந்தது என்பதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்க முடிகிறது.

சிறப்புத் திறன் நிலைக்குமா என்பதை அதன் ஆழம் தீர்மானிப்பதில்லை. நோயின் காரணச் சங்கிலியில் அது எந்தக் கண்ணியைப் பிடித்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. இதுவே இக்கட்டுரையின் வாதம்.

2. துறை உருவான விதம்

அமிலம் இல்லையேல் புண் இல்லை என்ற கொள்கையை 1910இல் கார்ல் ஷ்வார்ஸ் முன்வைத்தார். அமிலத்தைக் குறைக்க அன்று தெரிந்த நம்பகமான வழி, இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது. 1943இல் சிகாகோவில் லெஸ்டர் டிராக்ஸ்டெட் வேறொரு பாதையைத் திறந்தார். அமிலம் சுரக்கக் கட்டளை கொண்டுவருவது வேகஸ் நரம்பு. அதைத் துண்டித்தால் இரைப்பையை வெட்ட வேண்டியதில்லை என்றார்.

புண் ஆறியது. ஆனால் அதே நரம்புதான் இரைப்பையை அசைத்து உணவைக் கீழே தள்ளுகிறது. நரம்பு போனதும் உணவு உள்ளேயே தேங்கியது. நோயாளிகள் வாந்தி எடுத்தார்கள். ஆகவே இரைப்பைக்கும் சிறுகுடலுக்கும் இடையே புதிய வாசல் ஒன்றை வைத்துத் தைப்பது கட்டாயமாயிற்று. தென்னிந்தியாவில் இந்த இரட்டை அறுவை மிகப் பரவலாக நடந்தது. இங்கே முன்சிறுகுடல் புண் அதிகம். அது தழும்பாகி வழியையே அடைத்துவிடுவதும் அதிகம். அடைப்போடு வந்தவருக்கு அந்தப் புதிய வாசல் எப்படியும் தேவைப்பட்டது. சென்னையில் படித்த ஒரு தலைமுறை மருத்துவர்களுக்கு அதைக் குறிக்கும் 'டி.வி., ஜி.ஜே.' என்ற எழுத்துகள் விளக்கம் தேவைப்படாதவை.

1970 வாக்கில் இங்கிலாந்தின் லீட்ஸிலும் டென்மார்க்கின் கோபன்ஹேகனிலும் இந்த அறுவை இன்னும் நுணுக்கமானது. அமிலம் சுரக்கும் மேற்பகுதிக்குப் போகும் இழைகளை மட்டும் ஒவ்வொன்றாகத் துண்டித்து, இரைப்பையின் வெளிவாய்க்கருகே காக்கையின் கால்போல் விரியும் இழைகளை அப்படியே விட்டுவிடுவது புதிய முறை. தள்ளும் வேலை கெடாது. புதிய வாசலும் வேண்டாம். ஆனால் உணவுக்குழாயின் அடிப்பகுதியைப் பல சென்டிமீட்டர் சுற்றிலும் துலக்க வேண்டும். பின்பக்கம் ஒளிந்து வரும் ஓர் இழை தப்பிவிட்டால் புண் திரும்பிவிடும். அறுவை மருத்துவர்கள் அதற்கு 'குற்றவாளி நரம்பு' என்றே பெயர் வைத்தார்கள். தேர்ந்த கைகளில் புண் திரும்புவது அரிதாகவும், பழகாத கைகளில் அடிக்கடியும் நேர்ந்தது. சிறப்பு நிபுணர் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான வாதம் கிடைக்காது. ஒரே நோய், ஒரே அறுவை. விளைவை நிர்ணயித்தது செய்தவரின் பழக்கம்.

3. ஒரு பணிக்காலக் கணக்கு

1935இல் பிறந்த ஒரு மருத்துவரைக் கற்பனை செய்துகொள்வோம். முப்பது வயதில் பயிற்சி முடிகிறது. முப்பத்தைந்தில் புதிய நரம்பு அறுவை வருகிறது; அதைக் கற்று, சில ஆண்டுகளில் அதற்காகவே பெயர் பெறுகிறார். 1976இல், அவருடைய நாற்பத்தொன்றாம் வயதில், ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்விலிருந்து பிறந்த சிமெடிடின் மாத்திரை பிரிட்டனில் விற்பனைக்கு வருகிறது. புண் சில வாரங்களில் ஆறிவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது, அவர் உடனே பயப்படக் காரணம் இல்லை என்பதுதான். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குப் புண் திரும்பி வந்தது. வாழ்நாள் முழுக்க மாத்திரையா, ஒரே ஒரு அறுவையா என்று அவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. நோயாளிகள் குறைந்தார்கள்; ஆனால் மாத்திரைக்கு அடங்காத கடினமான நோயாளிகள் அவரிடமே வந்தார்கள். தன் துறை மெலிவதை, அது தரம் உயர்வதாக அவர் எடுத்துக்கொண்டிருக்கக்கூடும். சிறப்பு நிபுணர்களுக்கு நேரும் மிக ஆபத்தான காலம் இதுவே என்பது என் கருத்து. வேலை குறையும்போது மதிப்பு கூடுவதுபோல் தோன்றுகிறது.

அவருடைய ஐம்பத்து மூன்றாம் வயதில் இன்னும் வலிய மருந்தான ஓமெப்ரசோல் வந்தது. அதற்குள் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் பெரும்பாலான புண்களுக்கு ஒரு பாக்டீரியா காரணம் என்று காட்டியிருந்தார்கள். 1982இல் அதை வளர்த்தெடுத்தார்கள். 1984இல் மார்ஷல் தானே அதைக் குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருந்தும், இந்தப் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தர வேண்டும் என்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு பரிந்துரைக்க 1994 ஆகிவிட்டது. நம் மருத்துவருக்கு அப்போது வயது ஐம்பத்தொன்பது. ஓய்வு அவரைக் காப்பாற்றிவிட்டது. பத்தாண்டு பின்னால் பிறந்தவருக்கு அந்த வசதி இல்லை.

4. அந்த அறிவு எங்கே போனது

அறுவை மறைந்தது, அதைச் செய்தவர்கள் எல்லோரும் மறையவில்லை. அவர்களுடைய அறிவில் மூன்று அடுக்குகள் இருந்தன. மேலே இருந்தது அந்த அறுவையின் படிகள். அது மாத்திரையோடு செத்தது. அதன் கீழே உணவுக்குழாயும் இரைப்பையும் கூடும் இடத்தின் உடற்கூறு. அமிலம் மேலே எதுக்களிப்பதைத் தடுக்கும் அறுவை 1991 முதல் துளைவழியாகச் செய்யப்பட்டபோது கத்தி அதே இடத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. இழை இழையாக நரம்பைத் தேடியவருக்கு அது பழகிய தெரு.

எல்லாவற்றிற்கும் அடியில், இரைப்பையை மாற்றியமைத்தால் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு இருந்தது. அயோவாவின் எட்வர்ட் மேசன் ஒன்றைக் கவனித்தார்: புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதி எடுக்கப்பட்ட பெண்கள் எடை கூட முடியாமல் மெலிந்தே இருந்தார்கள். புண் மருத்துவருக்கு அது ஒரு பக்கவிளைவு. மேசன் அதையே சிகிச்சையாக்கி, 1960களின் நடுவில் உடற்பருமனுக்கான மாற்றுவழி அறுவையைத் தொடங்கிவைத்தார். இன்று அந்த அறுவை செய்துகொண்டவர் சர்க்கரை மிகுந்த உணவுக்குப் பின் வியர்த்துப் படபடப்பதும், தையல் இணைப்பில் புதிதாகப் புண் வருவதும் புண் அறுவைக் காலத்திலேயே ஏடுகளில் எழுதப்பட்டவை.

எனவே சிறப்பு நிபுணர் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகையினர் இருந்தார்கள். செயலை மட்டும் அறிந்தவரும், செயலின் வழியாக உறுப்பை அறிந்தவரும். முப்பத்தைந்து வயதில் இருவரையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்திராது. இருவருடைய விளைவுகளும் ஒன்றுபோலவே இருந்திருக்கும். வேறுபாடு தெரிய மாத்திரை வர வேண்டியிருந்தது.

5. எல்லாம் செய்தவர்

தாலுகா மருத்துவமனையில் குடல்வால், குடலிறக்கம், ஓதம், விபத்துக் காயம் என எதையும் பார்த்த பொது அறுவை மருத்துவரை இப்போது பக்கத்தில் நிறுத்துவோம். நள்ளிரவில் அல்சர் ஓட்டையாகி வயிறு மரக்கட்டைபோல் இறுகி வரும் நோயாளிக்கு அவர் செய்தது மிக எளிய வேலை. குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில் ஒரு துண்டை ஓட்டையின் மேல் வைத்துத் தைப்பார், வயிற்றைக் கழுவுவார். டொரன்டோவின் ராஸ்கோ கிரஹாம் 1937இல் விவரித்த முறை அது. ஓட்டையை அடைப்பது அரைவேலை, நரம்பையும் துண்டித்தால்தான் முழுச் சிகிச்சை என்று நிபுணர்கள் அறிவுறுத்திய காலம் உண்டு. இன்று ஓட்டையை அடைத்துவிட்டுப் பாக்டீரியாவுக்கு மருந்து கொடுப்பதே வழக்கம். அரைவேலை என்று சொல்லப்பட்டது முழுவேலையாகிவிட்டது.

இதைப் பொது மருத்துவரின் வெற்றி என்று எழுதிவிட முடியாது. அவர் வேறு வழிகளில் தேய்ந்தார். ஒன்று, எண்ணிக்கை. 2002இல் பர்க்மையரும் குழுவினரும் அமெரிக்காவின் முதியோர் காப்பீட்டுத் தரவுகளை ஆராய்ந்தார்கள். கணையத்தை வெட்டி எடுக்கும் அறுவையில், மிகக் குறைவாகச் செய்யும் மருத்துவமனைகளில் இறப்பு 16.3 விழுக்காடு, மிக அதிகமாகச் செய்யும் இடங்களில் 3.8. கழுத்துத் தமனி அறுவையிலோ 1.7க்கும் 1.5க்கும் இடையிலான வேறுபாடுதான். சில வேலைகளில் நிபுணர் நோயாளியின் உயிர். சிலவற்றில் அவர் பெரும்பாலும் பட்டம் மட்டுமே. அந்த ஆய்வுக்குப் பின் கணைய அறுவையைப் பொது மருத்துவர் விட்டுவிடுவதுதான் நேர்மை.

இன்னொன்று, கருவி மாற்றம். பித்தப்பையைத் துளைவழியாக எடுக்கும் முறை 1980களின் இறுதியில் பரவியபோது, பல்லாண்டு அனுபவம் உள்ளவரும் மறுபடி மாணவர் ஆனார். அமெரிக்காவில் 1995இல் வெளியான ஓர் ஆய்வில், பித்தநாளக் காயங்களில் 90 விழுக்காடு அந்தந்த மருத்துவரின் முதல் முப்பது அறுவைகளுக்குள்ளேயே நேர்ந்திருந்தன. வாரம் மூன்று செய்பவர் அந்த ஆபத்தை மூன்று மாதத்துக்குள் கடந்துவிடுவார். மாதம் ஒன்று செய்பவர் இரண்டரை ஆண்டுகள் அதற்குள்ளேயே இருப்பார். பலவும் செய்பவர் மாற்றத்தைத் தாங்குவார் என்று நாம் நம்புகிறோம். ஒவ்வொரு மாற்றத்திலும் அவருடைய கற்றல் காலம் நீள்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

6. ஓர் எதிர்ச்சான்று

கனடாவின் டொரன்டோ பகுதியில் ஷோல்டைஸ் மருத்துவமனை 1945 முதல் குடலிறக்கத்தை மட்டுமே சரிசெய்து வருகிறது. இதைவிடக் குறுகிய சிறப்பைக் காண்பது கடினம். வலை வைத்துத் தைக்கும் முறை உலகெங்கும் பரவிய பின்னும் அது நிலைத்திருக்கிறது. காரணம் எளிது: வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டையை மூட மாத்திரை கிடையாது. அங்கே கத்தி சங்கிலியின் கடைசிக் கண்ணியை, பழுதையே, தொடுகிறது. நரம்பு அறுவையோ நடுக் கண்ணியைப் பிடித்திருந்தது. பாக்டீரியா, அழற்சி, அமிலம், புண் என்ற வரிசையில் அது அமிலத்தை மட்டும் மடக்கியது. முதல் கண்ணியை ஒருவர் கண்டதும் நடுவில் நின்றவருக்கு வேலை இல்லை.

காசநோய்க்கு விலா எலும்புகளை எடுத்து நுரையீரலை அமுக்கிய அறுவையும் இப்படி நடுவில் நின்றதே. மருந்துகள் வந்தன, வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களின் இறுதியில் சென்னையில் நடந்த ஆய்வு காட்டியது, நோயாளிகளைப் படுக்கவைக்கும் மருத்துவமனைகளின் அடிப்படையே ஆடியது. மார்பு அறுவை மருத்துவர்கள் புற்றுநோய்க்கும் இதயத்துக்கும் நகர்ந்தார்கள். அவர்களுக்கும் கைகொடுத்தது மார்பைத் திறக்கத் தெரிந்த இரண்டாம் அடுக்குதான்.

7. மிச்சம்

ரத்தம் கொட்டும் புண் இன்னும் வருகிறது. முதலில் உள்நோக்கிக் குழாய் வழியாக நிறுத்திப் பார்க்கிறார்கள். அது தவறினால், வசதியுள்ள இடங்களில் ரத்தநாளத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அடைக்கிறார்கள். அதுவும் தவறும் அரிய இரவில் வயிற்றைத் திறக்க வேண்டும். இப்போது பணியில் இருக்கும் அறுவை மருத்துவர்களில் பலர் பயிற்சிக் காலத்தில் நரம்புத் துண்டிப்பை ஒருமுறைகூட நேரில் பார்த்திராதவர்கள். அவர்களுடைய மூத்தவர்கள் அதை வாரந்தோறும் செய்தவர்கள். அந்த வேலைக்கு நிபுணரும் இல்லை, பழகிய பொது மருத்துவரும் இல்லை. அன்று பணியில் இருப்பவர், ரத்தம் வரும் தமனியைத் தையலிட்டு நிறுத்துவதோடு நின்று, மீதியை மருந்துக்கு விடுகிறார்.