நாலு தடவை மட்டும்: பூட்டு எப்படிப் புதிரானது?

ஸ்டாலின்கிராட்டிலிருந்து லா ஷப்பெல் வரை நடந்தால், கட்டடத்துக்குக் கட்டடம் வாசலில் ஒரு டிஜிகோட் இருக்கும். எண்ணைச் சரியாக அழுத்தினால் கதவு திறக்கும். பிழையாக அழுத்தினால் எதுவும் நடக்காது. "நாலு இலக்கத்தில் இரண்டு சரி" என்று அது ஒருநாளும் சொல்லாது. ஆனால் வீடியோ கேமில் வரும் பூட்டு அப்படிச் சொல்லும். பிழையான பதிலுக்கும் ஒரு தகவல் தரும் பூட்டுதான் புதிர். கேம்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பகடையில் தொடங்கியது

மேசையில் இருந்து விளையாடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டுக்கு 1975இல் கிரேஹாக் என்ற துணைநூல் வந்தது. அதில்தான் திருடன் என்ற பாத்திரம் விதிகளுக்குள் வந்தான். பூட்டைத் திறப்பதற்கு அவனுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு வாய்ப்பு இருக்கும். பகடையை உருட்ட வேண்டும். எண் வாய்ப்புக்குள் விழுந்தால் பூட்டு திறக்கும், இல்லையென்றால் இல்லை. இங்கே கெட்டிக்காரன் பாத்திரம்தான். விளையாடுபவர் செய்வது கையை அசைப்பது மட்டும்.

பிறகு வந்த கணினி விளையாட்டுகள் பலவும் இதே கணக்கை உள்ளே வைத்துக்கொண்டன. ஒரு பட்டனை அழுத்தினால், கணினி தானே பகடை உருட்டிப் பதில் சொல்லும். 1998இல் வந்த தீஃப் வேறு வழியில் போனது. அதில் இரண்டு வகைக் கம்பிகள் இருக்கும். எது பொருந்துகிறது என்று சத்தத்தைக் கேட்டு மாற்றி மாற்றிப் போட வேண்டும். இதில் கடினமான புதிர் எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உலகம் நிற்காது. காவலாளியின் காலடிச் சத்தம் கிட்ட வந்துகொண்டே இருக்கும். பயம் பூட்டுக்கு வெளியே இருந்தது.

2006இல் வந்த ஒப்லிவியன் அந்தக் காலடிச் சத்தத்தை எடுத்துவிட்டது. பூட்டைத் தொட்டவுடன் உலகம் உறைந்துவிடும். திரையில் பூட்டின் உள்பக்கம் தெரியும். மிக எளிய பூட்டில் ஒரு ஊசி அசையும், மிகக் கடினமானதில் ஐந்து ஊசிகளும் அசையும். மேலே தள்ளிய ஊசி உச்சியில் நிற்கும் கணத்தில் அதைப் பொருத்த வேண்டும். பிந்தினால் கம்பி உடையும். கை பழகிய ஒருவர், அனுபவமே இல்லாத பாத்திரத்தை வைத்தும் மிகக் கடினமான பூட்டைத் திறக்கலாம். இப்போது கெட்டிக்காரர் விளையாடுபவர்.

சொற்களால் ஆன பூட்டு

அதே பெதஸ்டா நிறுவனம் 2008இல் ஃபால்அவுட் 3 ஐ வெளியிட்டது. அதில் கணினிக்குள் நுழைவது எப்படி என்று பாருங்கள். பச்சைத் திரையில் குப்பையாகக் கிடக்கும் குறிகளுக்கு நடுவில், ஒரே நீளமுள்ள சில சொற்கள் தெரியும். அவற்றில் ஒன்றுதான் கடவுச்சொல். உங்களுக்கு நாலு தடவை மட்டும் தரப்படும். பிழையான சொல்லைத் தெரிவு செய்தால், அதில் எத்தனை எழுத்துகள் சரியான இடத்தில் இருக்கின்றன என்று திரை சொல்லும்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. மொர்டெகாய் மெய்ரோவிட்ஸ் 1970இல் உருவாக்கிய மாஸ்டர்மைண்ட் என்ற பலகை விளையாட்டின் பிள்ளை இது. அதில் ஆறு நிறங்கள், நாலு குழிகள், மொத்தம் 1296 சேர்க்கைகள். இருந்தும் ஐந்து ஊகங்களுக்குள் எதையும் கண்டுபிடித்துவிடலாம் என்று கணினி அறிஞர் டொனால்ட் குனுத் 1977இல் காட்டினார். நல்ல ஊகம் என்பது சரியாக இருக்கக்கூடிய ஊகம் மட்டுமில்லை. பிழைத்தாலும் மிச்சத்தை நன்றாகப் பிரிக்கிற ஊகம்தான் நல்லது.

இதை ஏழு சொற்களை வைத்துச் செய்து பார்ப்போம்.

```
HOUSE  MOUSE  HORSE  NURSE
PLANT  TRAIN  BRICK
```

கண்ணை மூடிக்கொண்டு நாலு சொற்களைத் தெரிவு செய்தால், வெல்ல ஏழில் நாலு வாய்ப்பு. இனி யோசித்துச் செய்வோம். முதலில் `PLANT` ஐ அழுத்தினால்? அது பிழை என்றால், மற்ற ஆறில் `TRAIN` உக்கு மட்டும் ஒரு எழுத்துப் பொருந்தும். மிச்சம் ஐந்துக்கும் பதில் பூச்சியம்தான். ஒரு தடவையைச் செலவழித்தும் ஐந்து சொற்கள் அப்படியே நிற்கலாம்.

`HOUSE` ஐ அழுத்திப் பாருங்கள். கடவுச்சொல் `MOUSE` அல்லது `HORSE` என்றால் பதில் 4. `NURSE` என்றால் 2. அதிலும் `U` இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, ஆனால் வேறு இடத்தில், ஆகவே கணக்கில் வராது. மற்ற மூன்று சொற்களுக்கும் பதில் பூச்சியம். ஒரே ஊகத்தில் சொற்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்துவிட்டன. பதில் 4 என்றால் `MOUSE`, அதுவும் இல்லை என்றால் `HORSE`. பதில் பூச்சியம் என்றால் `PLANT`. இப்போது அதே `PLANT` நல்ல ஊகம், ஏனென்றால் மிஞ்சியிருக்கும் இரண்டையும் அது பிரிக்கும்: `TRAIN` உக்கு 1, `BRICK` உக்குப் பூச்சியம். எந்த வழியில் போனாலும் மூன்று தடவைக்குள் முடிந்துவிடும்.

எங்கே பழுதாகிறது?

நாலாவது தடவையும் பிழைத்தால் கணினி பூட்டிக்கொள்ளும். அந்தப் பயம்தான் உங்களை யோசிக்க வைக்கிறது. ஆனால் ஃபால்அவுட் 3இல் மூன்று தடவை பிழைத்தபின் வெளியே போய்த் திரும்பி வந்தால், புதிய சொற்களும் புதிதாக நாலு தடவையும் கிடைக்கும். இது தெரிந்தவருக்கு நாலாவது தடவை என்ற ஒன்றே இல்லை. தோற்க முடியாத புதிரை யாரும் யோசித்து விளையாடுவதில்லை, பொறுமையாக அழுத்திக்கொண்டிருப்பார்கள். ஒரு மினிகேம் செத்துவிட்டதா என்று அறிய இதுதான் அடையாளம்: விளையாடுபவர் திரையைப் பார்க்காமலே செய்து முடிக்கிறார்.

உண்மையான கணினி இப்படிச் சொல்லுமா?

ஐடி துறையில் வேலை செய்வதால் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பார்கள். இன்றைய சர்வர் சொல்லாது. ஆனால் ஒருகாலத்தில் ஒன்று சொன்னது.

1970களில் அமெரிக்காவில் பாவனையில் இருந்த டெனெக்ஸ் என்ற இயங்குதளம், கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தது. முதலாவது எழுத்துப் பிழை என்றால் அங்கேயே நிறுத்திவிடும். அதன் நினைவகம் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. முதலாவது எழுத்தை ஒரு பக்கத்தின் கடைசியிலும், மிச்சத்தை இன்னும் திறக்கப்படாத அடுத்த பக்கத்திலும் வைத்தால் என்ன நடக்கும்? எழுத்துப் பிழை என்றால் உடனே மறுப்பு வரும். சரி என்றால் இரண்டாவது எழுத்தைத் தேடி அடுத்த பக்கத்துக்குப் போய் கணினி தடக்கும். அந்தத் தடக்கலைக் கவனித்தவருக்கு முதலாவது எழுத்துக் கிடைத்துவிட்டது. பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது.

எண்ணில் பாருங்கள். 26 எழுத்துகளால் ஆன எட்டெழுத்துக் கடவுச்சொல்லுக்கு 20,000 கோடிக்கும் மேற்பட்ட சேர்க்கைகள் உண்டு. எழுத்தெழுத்தாகப் பதில் கிடைத்தால், அதிகபட்சம் 26ஐ எட்டால் பெருக்கி 208 ஊகங்கள் போதும். பூட்டு உடைக்கப்படவில்லை. அது தன் வாயாலேயே சொல்லிவிட்டது.

ஒழுங்காக அமைக்கப்பட்ட சர்வர் இன்று உங்கள் கடவுச்சொல்லையே வைத்திருப்பதில்லை. அதிலிருந்து கணித்த ஹாஷ் என்ற நீண்ட குறியை மட்டும் வைத்திருக்கும். ஒரு எழுத்து மாறினாலும் அந்தக் குறி முழுவதுமாக மாறிவிடும். ஆகவே நீங்கள் எவ்வளவு கிட்ட வந்துவிட்டீர்கள் என்பது சர்வருக்கே தெரியாது. கேமை வடிவமைப்பவர் தேடித் தேடிக் கொடுக்கும் அந்தச் சிறு தகவலைத்தான், எங்கள் தொழிலில் ஒரு சொட்டும் கசியாமல் அடைக்கிறோம்.