தங்குதன் கம்பியில் அமோனியா: நிரம்பிய மேற்பரப்பில் இருப்பது எது?

இந்தியாவின் என்.சி.இ.ஆர்.டி. பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனப் பாடநூல் பூச்சிய வரிசைத் தாக்கத்துக்குத் தரும் முதல் எடுத்துக்காட்டு, சூடான பிளாற்றின மேற்பரப்பில் அமோனியா சிதைவது. வெப்பநிலை 1130 கெல்வின் என்று அம்புக்குறியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. உயர் அமுக்கத்தில் மேற்பரப்பு வாயு மூலக்கூறுகளால் நிரம்பிவிடுவதால், அமுக்கத்தை மேலும் கூட்டினாலும் வீதம் மாறாது என்பது விளக்கம். ஈச்சிலம்பற்றில் தமிழ்மொழி மூலம் உயர்தரம் படிக்கும் மாணவர் இந்த நூலைப் புரட்டினாலும், நம்முடைய வகுப்புக் குறிப்புகளைப் புரட்டினாலும், கிடைப்பது ஏறத்தாழ இதே விளக்கம்தான். இதில் உள்ள கணிதத்தோடு எனக்குப் பிணக்கில்லை. "நிரம்பிவிடுகிறது" என்ற வினைக்கு எழுவாயாக அமோனியா மூலக்கூறை வைத்ததோடுதான் பிணக்கு. அந்த வாசிப்பின் மூலவர் சிறில் ஹின்ஷெல்வூட்.

அவருக்கு முன் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1902இல் ஏட்ரியன் பிரவுண், சர்க்கரை மிகையாக இருக்கும்போது இன்வர்ற்றேசு நொதியின் வேகம் சர்க்கரையின் செறிவைச் சாராதிருப்பதைக் கண்டார். 1913இல் மைக்கேலிசும் மென்டனும் அதைச் சமன்பாடாக்கினர். திண்ம மேற்பரப்பில் நிகழும் வாயுத் தாக்கங்களுக்கு அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது போடென்ஸ்டைனும் ஃபிங்கும் 1907இல் முன்வைத்த கருத்து. பிளாற்றினத்தின் மேல் ஒரு படலம் படிகிறது, வாயு அதனூடே பரவிச் செல்லும் வேகமே தாக்கத்தின் வேகம் என்றார்கள். லாங்மியூர் 1916க்கும் 1918க்கும் இடையில் அந்தப் படலத்தை ஒற்றை மூலக்கூறுத் தடிப்புக்குக் குறைத்தார். மின்குமிழ்த் தங்குதன் இழைகளோடு பல ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். மூடப்பட்ட தலங்களின் பின்னம் θ = KP/(1+KP) என்பது அவருடையது. வீதம் kθ என்று கொண்டால் எல்லாம் வந்துவிடும். KP மிகச் சிறிதானால் வீதம் kKP, அதாவது முதல் வரிசை. KP மிகப் பெரிதானால் வீதம் வெறும் k, அதாவது பூச்சிய வரிசை. நடுவில் வரிசை ஒரு பின்னமாகத் தோன்றும். அதற்குத் தனிப் பொருள் தேட வேண்டியதில்லை.

ஹின்ஷெல்வூட்டும் பேர்க்கும் 1925இல் ஒக்ஸ்போர்ட்டிலிருந்து வெளியிட்ட கட்டுரை பல மேற்பரப்புகளில் அமோனியா சிதைவதை ஒப்பிட்டது. தங்குதனில் வீதம் அமோனியாவின் அமுக்கத்தைச் சாரவில்லை. விளைபொருளான ஐதரசனும் தடுக்கவில்லை. பிளாற்றினத்தில் கதை வேறு: ஐதரசன் சேரச் சேர வீதம் குறைந்தது. அதாவது, அந்தக் கட்டுரையில் தூய்மையான பூச்சிய வரிசையைக் காட்டிய உலோகம் தங்குதன், பிளாற்றினம் அன்று.

இங்கே சற்று நிற்க வேண்டும். தங்குதன் அளவீட்டின் பெயர்பெற்ற வெப்பநிலை 856 பாகை செல்சியசு. கெல்வினில் அது 1129. பாடநூலின் 1130 அதன் முழுமையாக்கிய வடிவம் போலவே இருக்கிறது. என் ஊகம், தங்குதனின் வெப்பநிலை வழியில் எங்கோ பிளாற்றினத்தின் தலையில் ஏறிவிட்டது என்பது. பிளாற்றினத்தை விலையுயர்ந்த ஊக்கியாக எல்லோரும் அறிவர், தங்குதனைக் குமிழின் இழையாக மட்டுமே அறிவர். தொகுப்பாசிரியர் ஒருவரின் கை தானாகவே அப்பக்கம் போயிருக்கலாம். ஆனால் இதை நிறுவப்பட்டதாகச் சொல்ல மாட்டேன். 1130 என்பது தற்செயலாகவும் பொருந்தக்கூடிய எண். மேலும், 1976இல் லோஃப்லரும் ஷ்மிட்டும் பிளாற்றினத்தில் செய்த அளவீடுகளில், குறைந்த வெப்பநிலையில் பூச்சிய வரிசையும் உயர்ந்த வெப்பநிலையில் முதல் வரிசையும் தெரிந்தன. ஆகவே பாடநூல் வாக்கியம் பொய் என்று தள்ளவும் முடியாது. அது எந்த ஆண்டில், எந்த நூலில் இந்த உருவத்தை அடைந்தது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது.

இனித் தங்குதனுக்கு வருவோம். பௌதிக இரசாயனப் பயிற்சிக் கணக்குகளில் வழிவழியாக வரும் மூன்று அளவீடுகள் உண்டு. தங்குதன் கம்பியில், அமோனியாவின் தொடக்க அமுக்கம் 265, 130, 58 மி.மீ. இரசமாக இருக்கையில் அரைவாழ்வுக்காலம் முறையே 7.6, 3.7, 1.7 நிமிடம். முதல் வரிசையானால் மூன்றும் ஒன்றாக இருந்திருக்கும். இங்கே அமுக்கத்தை அரைவாழ்வால் வகுத்தால் 34.9, 35.1, 34.1 வருகிறது. மாணவர் "மாறிலி, எனவே பூச்சிய வரிசை" என்று எழுதிப் புள்ளியை வாங்கிக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். இந்த எண்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கலாம். பூச்சிய வரிசை இவ்வளவு துப்புரவாகத் தெரிய வேண்டுமானால் K எவ்வளவு பெரிதாக இருந்திருக்க வேண்டும்?

லாங்மியூர் வீத விதியைத் தொகையிட்டால் அரைவாழ்வுக்குக் கிடைப்பது:

t½ = P₀/2k + (ln 2)/(kK)

முதல் உறுப்பு பூச்சிய வரிசைக்குரியது, இரண்டாவது முதல் வரிசைக்குரியது. P₀ஐக் கிடையச்சிலும் t½ஐ நிலைக்குத்தச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும். அது நிலைக்குத்தச்சை வெட்டும் இடத்தில் K ஒளிந்திருக்கிறது. முதற்புள்ளியையும் கடைசிப்புள்ளியையும் இணைத்தால் சாய்வு 0.0285, அதிலிருந்து k நிமிடத்துக்கு ஏறத்தாழ 17.5 மி.மீ. வெட்டுத்துண்டு 0.05 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் அரைவாழ்வுகள் ஒரு தசம இடத்துக்கே தரப்பட்டிருப்பதால், அந்தத் துண்டு பூச்சியமாகவும் இருக்கலாம், 0.1 அளவுக்கும் ஏறலாம். ஆக K இவ்வளவு என்று சொல்ல இந்தத் தரவு இடம்தராது. இதற்குக் குறையாது என்று மட்டும் சொல்ல இடம்தரும். துண்டை 0.1 என்றே கொண்டாலும் K ஏறத்தாழ 0.4 வரும். அதாவது மேற்பரப்பு 2 அல்லது 3 மி.மீ. அமுக்கத்திலேயே பாதி நிரம்பிவிட்டது. முதல் வரிசைப் பகுதியைக் காண அதற்கும் கீழே இறங்கி அளந்திருக்க வேண்டும், 58 மி.மீ. அதற்கு மிக மேலே நிற்கிறது. இந்த மூன்று புள்ளிகளும் "முதலிலிருந்து பூச்சியத்துக்கு மாறுகிறது" என்பதைக் காட்டவே இல்லை. மாற்றத்தின் மறுகரையை மட்டும் காட்டுகின்றன.

ஹின்ஷெல்வூட்டின் வாசிப்பில் இந்த K, அமோனியா மூலக்கூறுகள் தங்குதனில் படிந்தும் கழன்றும் சமநிலையில் இருப்பதன் மாறிலி. அப்படியானால் அவை எவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும் என்று கணக்கிடலாம். 856 பாகையில், 3 மி.மீ. அமுக்கத்தில், ஒரு தலத்தின் மேல் வினாடிக்கு ஏறத்தாழ ஏழரை இலட்சம் மூலக்கூறுகள் மோதும். மோதுவன எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், பாதித் தலங்கள் நிரம்பியிருக்க ஒவ்வொரு மூலக்கூறும் மைக்ரோவினாடிக்கு மேல் தங்க வேண்டும். கழலும் அதிர்வெண்ணை வழக்கம்போல் வினாடிக்கு 10¹³ என்று கொண்டால், பிணைப்பின் ஆழம் மோலுக்கு ஏறத்தாழ 150 கிலோயூலாக வேண்டும். உடையாத அமோனியா தன் தனிச்சோடி இலத்திரன்களால் மட்டும் ஓர் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும்போது இவ்வளவு ஆழம் கிடைப்பதில்லை. பொதுவாக நூறை எட்டுவதே அரிது. பயிற்சிக் கணக்குகள் வெப்பநிலையை எப்போதும் சொல்வதில்லை. 856ஐ நானே எடுத்துக்கொண்டேன். உண்மையில் கம்பி அதைவிடச் சூடாக இருந்திருந்தால், வேண்டிய ஆழம் இன்னும் கூடும், என் வாதம் இன்னும் வலுக்கும்.

அப்படியானால் தலங்களை அடைத்துக்கொண்டிருப்பது எது? நைதரசன் அணு என்பதே என் விடை. இது புதிதன்று. ஃபிராங்கன்பேர்கரும் ஹோட்லரும் 1932இல், அமோனியா தங்குதன் பொடியைத் தொட்டதும் ஐதரசன் வெளியேறி நைதரசன் உலோகத்திலேயே தங்கிவிடுவதைக் காட்டினர். யப்பானில் தமாருவின் குழு 1970களில், தாக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே மேற்பரப்பில் என்ன இருக்கிறது என்று அளந்து இதையே வலியுறுத்தியது. அமோனியா வருவது k₁P(1−θ) என்ற வேகத்தில் நைதரசனைப் படியவைக்கிறது. நைதரசன் இணைந்து வெளியேறுவதை, எளிமைக்காக, k₂θ என்று கொள்வோம். இரண்டும் சமப்படும் உறுதிநிலையில் வீதம் k₁k₂P/(k₂+k₁P). இதை லாங்மியூர் சமன்பாட்டின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உருவத்தில் எள்ளளவும் வேறுபாடு இல்லை. K இருந்த இடத்தில் k₁/k₂ உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவே. கடைவாசலில் வரிசை நீள்வது வருபவர்கள் கூடியதாலா, உள்ளே இருப்பவர்கள் வெளியேறத் தாமதிப்பதாலா என்பது வாசலில் நின்று எண்ணினால் தெரியாது. தாழ்ந்த அமுக்கத்தில் இரண்டு வாசிப்புகளும் முதல் வரிசையைத் தரும், உயர்ந்த அமுக்கத்தில் இரண்டும் பூச்சிய வரிசையைத் தரும். அமுக்கத்தை மாற்றி எத்தனை முறை அளந்தாலும் இவற்றைப் பிரிக்க முடியாது. ஹின்ஷெல்வூட் தம் காலத்து அளவீட்டிலிருந்து எடுக்கக்கூடியதை எடுத்தார். பிழை, அந்த ஒரு பொருத்தத்தை இரண்டாவது சாட்சி இல்லாமல் பொறிமுறைக்குச் சான்றாக நூறாண்டு கற்பித்ததில் இருக்கிறது.

ஆனாலும் என் பக்கத்திலும் இரண்டு முட்கள் உள்ளன. முதலாவது சக்தி. பூச்சிய வரிசைப் பகுதியில் அளக்கும் ஏவற்சக்தி, நைதரசன் வெளியேறும் சக்தியாகவே இருக்க வேண்டும். தங்குதனுக்கு ஹின்ஷெல்வூட்டும் பேர்க்கும் பெற்றது மோலுக்கு ஏறத்தாழ 39 கிலோகலோரி, அதாவது 163 கிலோயூல். துப்புரவான தங்குதனிலிருந்து நைதரசன் கழல அதைப்போல் இருமடங்கு வேண்டும். நெருக்கமாக அடைத்த மேற்பரப்பில், நைத்திரைட்டின் மேல் மிகையாக ஏறிய நைதரசன் தளர்வாகப் பிடிபட்டிருக்கும் என்று விடை சொல்லலாம்; நான் அப்படித்தான் சொல்வேன். என்றாலும் அது பின்னால் தேடிக்கொண்ட விடை என்பதை மறைக்க முடியாது.

இரண்டாவது முள் கூரியது. யுங்கர்சும் ரெய்லரும் 1935இல் சாதாரண அமோனியாவுக்குப் பதிலாகப் பார ஐதரசன் கொண்ட அமோனியாவைத் தங்குதன் இழையில் சிதைத்தனர். பூச்சிய வரிசை மாறவில்லை, ஆனால் வீதம் 1.6 மடங்கு குறைந்தது. வேகத்தை ஆள்வது நைதரசன் வெளியேற்றம் மட்டுமே என்றால், ஐதரசனின் திணிவு அங்கே தலையிட இடமில்லை. ஏதோ ஒரு N–H பிணைப்பு அந்தப் படியில் உடைந்தாக வேண்டும், அல்லது மேற்பரப்பில் தங்குவது வெறும் N அல்லாமல் NH ஆகவும் இருக்க வேண்டும். 1973இல் மக்கலிஸ்ரரும் ஹான்சனும் தங்குதனின் தனிப்பளிங்கு முகங்களில் அளந்து, வீதத்தை ஒரு மாறிலியும் அமுக்கத்தின் மூன்றில் இரண்டு அடுக்குக்குரிய உறுப்பும் சேர்ந்த கூட்டுத்தொகையாக எழுதினர். மாறிலி உறுப்பை நைதரசன் வெளியேற்றத்துக்கும், மற்றதை N–H உடையும் வழிக்கும் ஒதுக்கினால் முள் கொஞ்சம் கழலும். ஆனால் இந்தப் பங்கீடு சரியானால் மிக உயர்ந்த அமுக்கத்தில் வரிசை பூச்சியத்திலேயே நிற்காமல் மெல்ல மேலேற வேண்டும். 58 முதல் 265 வரையான மூன்று புள்ளிகளிலோ அதன் சுவடே இல்லை. அவர்களின் அளவீடு மிகத் தாழ்ந்த அமுக்கத்தில், துப்புரவான பளிங்கில் நடந்தது. இந்த மூன்று புள்ளிகளின் அளவீடு வழக்கமான கம்பியில் நடந்தது. ஒரே மேற்பரப்பையா இருவரும் அளந்தார்கள் என்பதே ஐயத்துக்குரியது. ஒரே கம்பியில், 3 மி.மீ.க்குக் கீழிருந்து சில நூறு மி.மீ. வரை, இரு சமதானி அமோனியாக்களையும் மாறிமாறி ஓடவிட்டு, 1.6 என்ற விகிதம் எந்த அமுக்கத்தில் தொடங்கி எந்த அமுக்கத்தில் மங்குகிறது என்று பார்ப்பதே இந்த வழக்கைத் தீர்க்கக்கூடிய அளவீடு.