pH 6-இல் கிளைசினும் ஹிஸ்டிடினும்

கிளைசினின் தரம்பார்த்தல் வளைகோட்டில் தாங்கல் பகுதி எது என்று கேட்டால், மாணவர்கள் பலர் வளைகோட்டின் நடுவைத்தான் தொட்டுக் காட்டுகிறார்கள். நடுவில் இருப்பது சமமின்புள்ளி (5.97). அந்த இடத்தில்தான் கிளைசினின் தாங்கும் திறன் மிகக் குறைவு. அதன் pKa மதிப்புகள் 2.34-உம் 9.60-உம், இரண்டுமே எட்டத்தில் இருக்கின்றன. ஹிஸ்டிடினுக்கு 1.82, 6.00, 9.17 என மூன்று உண்டு. நடுவிலுள்ளது இமிடசோல் வளையத்துக்கு உரியது.

இரண்டிலும் 0.1 மோலார் கரைசல் 100 மி.லி. எடுத்து, pH 6-இல் நிறுத்துவோம். ஒவ்வொன்றிலும் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 1 மி.லி., அதாவது 0.1 மில்லிமோல் காரம் சேர்ப்போம். ஹிஸ்டிடினில் இமிடசோல் பாதி புரோட்டானோடும் பாதி இழந்தும், ஐந்தைந்து மில்லிமோலாக இருக்கிறது. காரம் சேர்ந்ததும் விகிதம் 5.1/4.9 ஆகிறது, pH 6.02-ஐத் தாண்டாது. கிளைசினில் 10 மில்லிமோலும் சுவிட்டர் அயனியாகவே இருக்கிறது. அதில் 0.1 மில்லிமோல் எதிர்மின் அயனியாக மாறினால் விகிதம் 0.1/9.9; pH = 9.60 − 2.00 = 7.60. ஒரு மில்லி லிட்டர் காரத்துக்கு ஒன்றரை அலகுக்கு மேல் தாவிவிட்டது. ஆகவே தாங்கல் பகுதியைச் சாய்வு குறைந்த இடத்தில் தேட வேண்டும். pKa-வுக்கு இருபுறமும் ஓர் அலகு என்பது அதற்கான நடைமுறை எல்லை.

ஹிஸ்டிடினில் ஒரு பொறி உண்டு. கடையில் பெரும்பாலும் கிடைப்பது மோனோஹைட்ரோகுளோரைடு உப்பு. அதைக் கரைத்தால் pH ஏறத்தாழ 4-இல் தொடங்கும். முதல் சமான காரம் தீர்வது இமிடசோலுக்கே. 1.82-ஐக் காண விரும்புபவர் முதலில் அமிலம் சேர்த்துக் கீழே இறங்க வேண்டும். இறங்கினாலும் அங்கே சேர்க்கும் அமிலத்தில் கணிசமான பங்கு கரைசலில் தனித்த ஹைட்ரஜன் அயனியாகவே நின்றுவிடும். வெறும் நீரைத் தனியே தரம்பார்த்துக் கழிக்காவிட்டால் அந்த மதிப்பை நம்ப முடியாது.

இனி வெப்பநிலை. பாடநூல் எண்கள் 25 டிகிரிக்கு உரியவை. விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக் கல்லூரி ஆய்வகங்களில் கோடையில் உள்ளே 35 டிகிரி சாதாரணம். அமினோ தொகுதியின் pKa ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.025 குறைவதால், கிளைசினின் 9.60 அங்கே 9.35 ஆகிறது. இமிடசோலும் இறங்கும், சற்றுக் குறைவாக. கார்பாக்சில் தொகுதி அநேகமாக அசையாது. pH மீட்டரின் வெப்பநிலைத் திருத்தம் இதைச் சரிசெய்யாது; அது மின்முனையின் சாய்வை மட்டுமே திருத்துகிறது.

ஆகவே கிளைசினில் 2.34 சரியாக வந்து 9.60 மட்டும் தாழ்ந்திருந்தால், மாணவரைக் கடிந்துகொள்வதற்கு முன் வெப்பமானியைப் பார்க்கலாம். இரண்டும் ஒரே அளவு விலகியிருந்தால் மின்முனையைப் புதிய தரக் கரைசலில் மீண்டும் அளவீடு செய்ய வேண்டும்.