உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு: எடின்பரோ அளவுகோலும் லிந்துலையும்

ஒரு வினாத்தாளில் எந்தக் கேள்விகள் ஒன்றாகச் சேரும் என்பதை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டு, புதிய மக்களிடம் திரட்டிய விடைகள் அதற்கு ஒத்துவருகின்றனவா என்று சோதிக்கும் புள்ளிவிவர முறை உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வு எனப்படும். ஓரிடத்தில் உருவாகி வெளியான அளவுகோலை இன்னோரிடத்தில் பயன்படுத்தும் முன் அதன் கட்டமைப்பு குலையாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே இதன் முக்கியப் பயன். இதை விளக்க இலங்கைக்கு நன்கு பழக்கமான அளவுகோல் ஒன்று இருக்கிறது. அது பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோல்.

காரணிப் பகுப்பாய்வு 1904இல் ஸ்பியர்மனிடம் தொடங்கியது. பள்ளி மாணவரின் பல பாட மதிப்பெண்கள் சேர்ந்தே ஏறி இறங்குவதற்குப் பின்னால் ஒரே பொதுத் திறன் இருக்கிறது என்றார் அவர். தர்ஸ்டன் பல காரணிகளுக்கு இடம் கொடுத்தார். ஆனால் அந்தப் பழைய முறையில் காரணிகள் எத்தனை, எந்தக் கேள்வி எதில் சேரும் என்பதைத் தரவைப் பார்த்த பிறகே ஆய்வாளர் முடிவுசெய்தார். அப்படி முடிவுசெய்ததை அதே தரவால் பொய்யாக்க முடியாது. 1969இல் சுவீடன் நாட்டுப் புள்ளியியலாளர் யோரெஸ்கோக் ‘சைக்கோமெட்ரிக்கா’ இதழில் வெளியிட்ட கட்டுரை இதை மாற்றியது. ஒரு கேள்வி ஒரு காரணியில் மட்டுமே சேரும், மற்றதில் அதன் சுமை பூச்சியம் என்று கட்டளையிட்டு, அந்தக் கட்டளை தரவில் நிற்கிறதா என்று கணக்கிட வழி பிறந்தது. 1971இல் அதே முறையைப் பல மக்கள் குழுக்களுக்கு ஒரே நேரத்தில் பொருத்தவும் அவர் வழிகாட்டினார்.

எடின்பரோ அளவுகோலை கொக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி ஆகிய மூவரும் 1987இல் வெளியிட்டார்கள். ஸ்கொட்லாந்தின் 84 தாய்மாரிடம் அது சரிபார்க்கப்பட்டது. பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி, கூட்டுத்தொகை 30க்குள். அதன் தமிழ் வடிவத்தை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் 2005இல் சரிபார்த்து 8/9 என்ற வெட்டுப்புள்ளியைத் தந்தார்கள். இலங்கையில் சிங்கள வடிவத்தின் சரிபார்ப்பு 2008இல் வெளியானது. அதன் வெட்டுப்புள்ளி 9. இவை பதிலளித்தன என்றால், எத்தனை புள்ளிக்கு மேல் ஒரு தாயை வைத்தியரிடம் அனுப்புவது என்ற கேள்விக்கே. பத்துக் கேள்விகளும் ஒரே துயரத்தைத்தான் அளக்கின்றனவா என்பது வேறு கேள்வி. புள்ளிகளைக் கூட்டுவதற்கான உரிமையே இந்த இரண்டாவது கேள்வியின் பதிலில்தான் இருக்கிறது என்பதால் அதைப் பின்தள்ளிவிட முடியாது.

வெளியான ஆய்வுகளும் இதில் ஒன்றுபடவில்லை. பத்தையும் ஒரே காரணியாகக் கொண்டவர்கள் உண்டு. தன்னைத்தானே குறைசொல்வது, காரணமில்லாத கவலை, காரணமில்லாத பயம் ஆகியவற்றைக் கேட்கும் 3, 4, 5ஆம் கேள்விகள் பதற்றம் என்ற தனிக் காரணியாகப் பிரிவதைப் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே சோதிக்க வேண்டிய மாதிரியுருக்கள் இரண்டு. R மென்பொருளின் lavaan தொகுப்பில் அவற்றை இப்படி எழுதலாம்:

```
m1 <- 'f =~ e1+e2+e3+e4+e5+e6+e7+e8+e9+e10'
m2 <- 'dep =~ e1+e2+e6+e7+e8+e9+e10
       anx =~ e3+e4+e5'
fit1 <- cfa(m1, data = d, ordered = TRUE)
fit2 <- cfa(m2, data = d, ordered = TRUE)
lavTestLRT(fit1, fit2)
```

`ordered = TRUE` என்பதை விட்டுவிடக் கூடாது. 0, 1, 2, 3 என்பவை வரிசை மட்டுமே. 0க்கும் 1க்கும் உள்ள தூரமும் 2க்கும் 3க்கும் உள்ள தூரமும் ஒன்றல்ல. பெரும்பாலான தாய்மார் 0 என்று சொல்லும் கேள்விகளில் சாதாரண இணைபைக் கணக்கிட்டால் சுமைகள் குறைவாகவே தெரியும்.

இலங்கை மலையகத்தின் லிந்துலைச் சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களில் 401 தாய்மாரிடம் தமிழ் வடிவத்தில் விடை திரட்டியதாக ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். பத்துக் கேள்விகளுக்கு இடையே 45 சோடி இணைபுகள் உண்டு. ஒரு காரணி மாதிரியுரு பத்துச் சுமைகளைக் கொண்டு இந்த 45ஐயும் விளக்கப் பார்க்கிறது. மீதமுள்ள 35 சுயாதீனப் பாகைகளே அது தோற்பதற்கான வாய்ப்புகள். இரு காரணி மாதிரியுருவில் காரணிகளின் பரஸ்பர இணைபு ஒன்று கூடுவதால் 34. முதலாவதில் கைவர்க்கம் 105, இரண்டாவதில் 68 என்று வந்தால்,

```
rmsea = sqrt((chisq - df) / (df * (N - 1)))
m1: sqrt(70 / (35 * 400)) = 0.071
m2: sqrt(34 / (34 * 400)) = 0.050
```

இந்த rmsea 0.06க்குக் கீழே இருந்தால் நல்லது என்பது ஹூ, பென்ட்லர் இருவரும் 1999இல் தந்த அளவு. அதன்படி இரண்டாவது வென்றதாகச் சொல்லத் தோன்றும். ஆனால் அந்த எல்லை தொடர் எண்களுக்கான மதிப்பீட்டு முறையில் வகுக்கப்பட்டது. வரிசைத் தரவில் அது தாராளமாகிவிடும். இரு கைவர்க்கங்களையும் நேரே கழித்துப் பார்ப்பதும் இங்கே செல்லாது, அதற்குத்தான் `lavTestLRT`. இன்னும் ஒன்றைப் பார்க்க வேண்டும். இரு காரணிகளின் இணைபு 0.9ஐத் தாண்டியிருந்தால், பதற்றமும் சோர்வும் தனித்தனியாகப் பிரிந்தன என்று சொல்லி இரண்டு கூட்டுத்தொகை போடுவதில் பொருளில்லை.

பொருத்தம் கெடும்போது காரணம் பெரும்பாலும் சில கேள்விகளில் ஒளிந்திருக்கும். முதலில் பார்க்க வேண்டியது புள்ளியிடும் திசை. 1, 2, 4ஆம் கேள்விகளில் முதல் விடைக்கு 0. மற்ற ஏழிலும் முதல் விடைக்கு 3. தரவைப் பதிந்தவர் இதை மறந்தால் அந்த மூன்று கேள்விகளின் சுமைகள் மட்டும் எதிர்க்குறியோடு வரும். அதைக் கண்டு திருத்துவது எளிது. 1, 2ஆம் கேள்விகள் சிரிப்பையும் எதிர்பார்ப்பையும் கேட்கும் நேர்மறை வாக்கியங்கள் என்பதால், காரணி விளக்கியது போக அவற்றின் மீதிகள் தமக்குள் சேர்ந்து நிற்கலாம். 10ஆம் கேள்வி தன்னைத் தானே நோகடிக்கும் எண்ணத்தைப் பற்றியது. தாய் தானே நிரப்ப வேண்டிய தாளை லயத்துக் காம்பராவில் மாமியார் கேட்டிருக்க மருத்துவமாது வாசித்துக் காட்டினால், இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ எல்லாரும் 0 என்பார்கள். அப்போது இணைபு அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள் விழுந்து, அந்தக் கேள்வியின் சுமை நம்பத்தகாததாகிவிடும்.

7ஆம் கேள்வியைத் தோட்டத்தில் தனியாகவே கவனிக்க வேண்டும். மனவருத்தத்தால் தூக்கம் கெடுகிறதா என்பது அது கேட்பது. ஒரே காம்பராவில் குழந்தை அழுகையோடு பலர் படுத்து, விடிவதற்கு முன் எழுந்து சமைத்துவிட்டுக் கொழுந்துக்குப் போகத் தொடங்கிய தாய், தூக்கமின்மையை வருத்தத்தோடு சேர்க்காமலே ‘ஆமாம்’ என்று சொல்லக்கூடும். அந்தக் கேள்வியின் சுமை தாழும்.

இங்கே பெரிய ஆசை ஒன்று எழும். எந்த மீதி இணைபுகளைத் திறந்துவிட்டால் கைவர்க்கம் எவ்வளவு குறையும் என்று `modindices(fit2)` பட்டியலிடும். மேலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தால் எந்த மாதிரியுருவும் பொருந்திவிடும். மக்கலம் குழுவினர் 1992இல் காட்டியபடி, இப்படிச் சேர்த்த திருத்தங்கள் அந்த ஒரு மாதிரியின் தற்செயலைப் பற்றிக்கொண்டவை. அடுத்த மாதிரியில் நிற்பதில்லை. முன்கூட்டியே காரணம் சொல்லக்கூடிய, 1, 2ஆம் கேள்விகளுக்கு இடையிலான மீதி இணைபைத் திறப்பதோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையானது. அதற்கு மேல் திறப்பவர் உறுதிப்படுத்தவில்லை, மறுபடியும் தேடத்தான் செய்கிறார். ஒரே மருத்துவமாது கேட்ட விடைகளும் ஒரே டிவிசன் விடைகளும் ஒன்றுபோல இருக்கும் என்பதால், 401 பேரையும் ஒருவரையொருவர் சாராதவராகக் கொள்வதும் ஆய்வைக் காரணமின்றித் துணிவாக்கும்.

கட்டமைப்பு நின்றாலும் வேலூரின் 8/9ஐ அப்படியே எடுத்துக்கொள்ள அது போதாது. இரு ஊர்த் தரவையும் ஒன்றாக வைத்து, முதலில் ஒரே வடிவம், பிறகு சம சுமை, பிறகு ஒரு விடையிலிருந்து அடுத்ததற்குத் தாண்டும் வாசல்களும் சமம் என்று படிப்படியாக இறுக்கிப் பார்க்க வேண்டும். வேலூர்த் தாய் 7ஆம் கேள்வியில் 1 என்று சொல்லும் அதே அளவு சோர்விலேயே லிந்துலைத் தாய் 2ஐத் தொட்டுவிட்டால் வாசல் சமமாக இராது. வேலூரில் 8 பெறும் சோர்வு இங்கே 9 ஆகி, அவர் பெயர் வைத்தியரிடம் அனுப்ப வேண்டியவர்களின் பட்டியலில் ஏறும். அந்த ஒரு கேள்வியின் வாசலை மட்டும் சுதந்திரமாக விட்டு இரு ஊரின் சோர்வு நிலையை ஒப்பிடலாம். வெட்டுப்புள்ளியை மட்டும் உளநல வைத்தியரின் நேர்காணலோடு ஒப்பிட்டு, இங்குள்ள தாய்மாரிடமே புதிதாகக் கண்டாக வேண்டும்.