ஒரே வரிசை, வேறு மரியாதை

1905-ஆம் ஆண்டு சியோலில் ஓர் ஆங்கில நூல் அச்சாகி வந்தது. கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிடும் இலக்கண நூல் அது. எழுதியவர் ஹோமர் ஹல்பர்ட். 1886-இல் கொரிய அரசு தொடங்கிய பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கப் போன அமெரிக்க இளைஞர், பிறகு மன்னர் கோஜோங்கின் நம்பிக்கைக்குரியவராக ஆனவர். கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் (1856) வெளிவந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரண்டும் உறவுள்ள மொழிகள் என்று வாதாடினார் ஹல்பர்ட்.

இன்று வாட்சப்பில் சுற்றும் 'அப்பா, அம்மா, நான், நீ' பட்டியலுக்கு அவர்தான் முன்னோடி. ஆனால் பட்டியல்காரர்களைவிட ஹல்பர்ட் பல படி மேல். வெறும் சொற்களோடு நிற்காமல் வாக்கியத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்தார். கொரியன் வகுப்பில் உட்காரும் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் முதல் மாதத்திலேயே பார்ப்பது அதைத்தான்.

'நான் நேற்று நண்பனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தேன்.' கொரியனில், 'ஜொநுன் ஒஜே சிங்குஎகே செகுல் ஜுஒஸ்ஸொயோ.' நான், நேற்று, நண்பனுக்கு, புத்தகத்தை, கொடுத்தேன். ஐந்து சொல்லும் அதே வரிசை. 'எகே' நம் 'உக்கு', 'உல்' நம் 'ஐ'. ஆங்கிலத்தில் யோசிக்கிறவர் வாக்கியத்தைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும், நாம் சொல்லை மட்டும் மாற்றினால் போதும். (முதல் சொல்லில் இருக்கும் 'நுன்' மட்டும் நமக்குப் பிடிபடாது. அதற்குத் தமிழில் நேரான உருபு இல்லை, அது தனிக் கதை.)

துணைவினைக்கு வந்தால் இன்னும் ஆச்சரியம். 'மொக்' என்றால் உண், 'பொதா' என்றால் பார். 'மொகொ பொதா' என்றால்? சாப்பிட்டுப் பார். ருசி பார்க்கச் சொல்வதற்கு இரண்டு மொழியும் அதே கண்ணைத்தான் கடன் வாங்கியிருக்கின்றன. 'அஞ்ஜா இஸ்ஸொயோ', உட்கார்ந்து இருக்கிறார். இங்கே நம் 'இரு' வேலையை அவர்களுடைய 'இஸ்' செய்கிறது. ஹல்பர்ட் மயங்கியதில் தப்பே இல்லை.

ஆனால் வினை கடைசியில் வருவதும் உருபு பின்னால் ஒட்டுவதும் ஜப்பானியம், மங்கோலியம், துருக்கியம் எல்லாவற்றிலும் உண்டு. உறவை நிறுவ, ஒரு மொழியின் இந்த ஒலிக்கு மற்றதில் எப்போதும் அந்த ஒலி வரும் என்று நூற்றுக்கணக்கான சொற்களில் காட்ட வேண்டும். தமிழுக்கும் கொரியனுக்கும் அப்படி யாரும் காட்டவில்லை. அப்பா, அம்மா எல்லாம் உலகத்துக் குழந்தைகள் முதலில் உளறும் ஒலிகள். இன்று மொழியியலாளர்கள் பெரும்பாலும் கொரியனை ஜேஜூ தீவின் பேச்சோடு சேர்த்துத் தனிச் சிறு குடும்பமாகவே வைக்கிறார்கள்.

சரி, வரிசை இவ்வளவு ஒத்துப்போகும்போது தமிழ் மாணவர்கள் எங்கே விழுகிறார்கள்? மரியாதையில். அதுவும் மிக எளிய ஒரு கேள்வி பதிலில்.

ஆசிரியர் கேட்கிறார்: 'ஒன்ஜே ஓஷ்யொஸ்ஸொயோ?' எப்ப வந்தீங்க? மாணவர் கேள்வியிலிருந்த வினையையே எடுத்துத் திருப்பித் தருகிறார்: 'ஒஜே ஓஷ்யொஸ்ஸொயோ.' வகுப்பு சிரிக்கிறது. 'நான் நேற்று எழுந்தருளினேன்' என்பதுபோல ஒன்றைச் சொல்லிவிட்டார் அவர். சரியான பதில் 'ஒஜே வாஸ்ஸொயோ.' கேள்வியில் இருந்த 'ஷி' பதிலில் இருக்கக் கூடாது. செயலைச் செய்பவரை உயர்த்தும் ஒட்டு அது. தன்னைத்தானே யாரும் உயர்த்திக்கொள்வதில்லை.

தமிழில் இந்தத் தவறு நடக்க வாய்ப்பே இல்லை. 'வந்தீங்களா' என்று கேட்டால் 'வந்தேன்' என்றுதான் வாய் வரும். 'ஈங்க' போய் 'ஏன்' வருவதற்கு நாம் யோசிப்பதே இல்லை, ஏனென்றால் நம் வினை யார் செய்தது என்பதை வாலில் சுமக்கிறது. மரியாதையும் அதே வாலில்தான் இருக்கிறது. கொரிய வினைக்கு அந்த வால் இல்லை. வந்தேன், வந்தாய், வந்தான் எல்லாம் 'வாஸ்ஸொயோ'தான். ஆள் மாறும்போது மரியாதை தானாகக் கழன்றுகொள்ளாது, பேசுபவர்தான் கழற்ற வேண்டும்.

இந்த வித்தியாசம் பழையது. தமிழ் மரியாதை பன்மையிலிருந்து பிறந்தது. சங்கப் பாடல்களில் புலவர் அரசனையே 'நீ' என்கிறார். ஒருவரைப் பன்மையால் சொல்வது உலக வழக்கில் உயர்த்திச் சொல்வது, இலக்கணப்படி அல்ல என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே குறித்து வைத்திருக்கிறது. அதாவது மக்கள் ஏற்கெனவே அப்படிப் பேசத் தொடங்கிவிட்டார்கள், இலக்கணம் கொஞ்சம் முகம் சுளித்தபடி பதிவு செய்கிறது. அந்த வழக்கு வென்றது. 'அர்' மரியாதை ஒருமையானது, பன்மைக்கு இன்னொரு 'கள்' தேவைப்பட்டது. பிறகு அந்தக் 'கள்'ளும் மரியாதைக்குள் போய்விட்டது. 'அம்மா வந்தாங்க' என்றால் ஒரே அம்மாதான்.

கொரியன் பன்மைப் பக்கம் போகவே இல்லை. ஹங்குல் எழுத்து 1446-இல் அறிவிக்கப்பட்டதால் பதினைந்தாம் நூற்றாண்டுப் பேச்சின் வடிவம் நமக்குத் தெளிவாகக் கிடைக்கிறது. அதில் மூன்று ஒட்டுகள் தனித்தனியாக நிற்கின்றன. செய்பவரை உயர்த்த 'ஷி'. செயலைப் பெறுபவர் பெரியவராக இருந்தால், அவர் முன் செய்பவரைத் தாழ்த்த 'ஸப்'. கேட்டுக்கொண்டிருப்பவரை மதிக்க 'ஙி'. ஒரே வினையில் மூன்று பேருக்கு மூன்று கணக்கு. நடுவில் உள்ள 'ஸப்', பெரியவரிடம் பணிந்து சொல்வதைக் குறிக்கும் ஒரு வினையிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். காலப்போக்கில் அது தன் பழைய வேலையை விட்டுவிட்டு 'ஙி'யோடு கரைந்தது. செய்திகளில் இன்று நாம் கேட்கும் 'ஸும்னிதா' அந்தக் கலவைதான்.

ஆகவே இன்று இரண்டு கணக்கு மிச்சம்: யாரைப் பற்றிப் பேசுகிறோம், யாரிடம் பேசுகிறோம். தமிழனுக்கு முதலாவது புரியும். இரண்டாவதற்கும் நம்மிடம் ஒன்று இருக்கிறது, வகுப்பில் யாரும் சொல்லித்தருவதில்லை. 'வந்தேங்க', 'ஆமாங்க', 'நேத்துங்க'. இந்த 'ங்க' என்னை உயர்த்தவில்லை, நேற்றையும் உயர்த்தவில்லை, கேட்பவரை உயர்த்துகிறது. கொரியனின் 'யோ' செய்வது அதேதான். 'ஒஜேயோ' என்றால் நேத்துங்க. கொங்குப் பக்கத்துப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவருக்கு 'யோ'வை விளக்கவே வேண்டாம். ஆனால் நம் 'ங்க'வும் அந்தப் பழைய 'கள்'ளின் பேரப்பிள்ளைதான், 'யோ'வோடு அதற்கு உறவு கிடையாது.

இரண்டு கணக்கும் மோதும் இடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. தாத்தாவிடம் 'அப்பா வந்துட்டாரு' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். பழைய கொரிய முறையில் அது தவறு. தாத்தா முன்னால் அப்பா சின்னவர், அதனால் 'ஹராபொஜி, அபொஜிகா வாஸ்ஸும்னிதா' என்று 'ஷி' இல்லாமல் சொல்ல வேண்டும், வாக்கியத்தின் கடைசியில் தாத்தாவுக்கு மட்டும் மரியாதை. இப்போது 'ஷி' சேர்த்தாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். தமிழில் அப்பாவுக்குக் கொடுத்த 'ஆர்' தாத்தா வந்தாலும் இறங்காது.

எதிர்ப்பக்கமும் உண்டு. பாட்டிக்குக் காது நன்றாகக் கேட்கிறது என்று சொல்லும்போது அந்தக் காதின் வினைக்கும் 'ஷி' போடுவது கொரியனில் முறை. காது பாட்டியுடையது அல்லவா. இதை நீட்டி நீட்டி, சியோல் காப்பிக் கடைகளில் 'காப்பி வந்தருளியிருக்கிறது' என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. மொழி அக்கறை உள்ளவர்கள் அங்கே இதைத் திட்டித் தீர்க்கிறார்கள், கடைப் பிள்ளைகள் நிறுத்துவதாக இல்லை. நம் கோப்பிக் கடையில் இது நடக்க வழியே இல்லை. அஃறிணைக்கு 'ஆர்' ஒட்டாது. எவ்வளவு பெரிய முதலாளி உட்கார்ந்திருந்தாலும், கோப்பி வந்துச்சுதான்.