புன்னட் கட்டம்

புன்னட் கட்டம் என்பது பெற்றோரில் ஒருவரின் இனச்செல்களை மேல்வரிசையிலும் மற்றவரின் இனச்செல்களை இடப்பக்கத்திலும் எழுதி, அவை கூடிப் பிறக்கும் சந்ததிகளின் மரபணு வகைகளைக் கட்டங்களில் நிரப்பிக் காணும் முறையாகும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரெஜினால்ட் புன்னட் (1875–1967) இதை உருவாக்கினார். 1866இல் அச்சேறிய கட்டுரையில் மெண்டல் தம் பட்டாணிக் கலப்புகளின் முடிவை A + 2Aa + a என்று இயற்கணிதத் தொடராகவே எழுதியிருந்தார். 1900இல் அக்கட்டுரை மீண்டும் கவனம் பெற்றபின், வில்லியம் பேட்சனுடன் சேர்ந்து ஆய்வு செய்த புன்னட், அந்தத் தொடரைக் கண்ணால் எண்ணக்கூடிய கட்டங்களாக மாற்றினார். கணக்கில் பயிற்சியில்லாத உயிரியல் மாணவருக்கும் 3:1 என்ற விகிதம் எங்கிருந்து வருகிறது என்பது இதன்பிறகுதான் எளிதில் விளங்கியது.

மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டில் 180 வினாக்களுக்கு 180 நிமிடங்களே உண்டு. ஆகவே மூன்று பண்புகள் வரும் கலப்புக்கு முழுக் கட்டம் போடுவது வீண். AaBbCc × AabbCc என்ற கலப்பில் A, C ஓங்கு பண்புகளும் b ஒடுங்கு பண்பும் சேர்ந்து தோன்றும் சந்ததி எத்தனை பங்கு என்பது வினாவானால், ஒவ்வொரு மரபணுவையும் தனியே பார்க்க வேண்டும். Aa × Aa நான்கு கட்டத்தில் 3/4 தரும். Bb × bb பாதி bb தரும். Cc × Cc மீண்டும் 3/4 தரும். மூன்றையும் பெருக்க, 9/32. முதல் பெற்றோரின் 8 வகை இனச்செல்லையும் இரண்டாமவரின் 4 வகையையும் எழுதி 32 கட்டத்தையும் நிரப்பினால் அதே 9 கட்டங்கள்தாம் கிடைக்கும்.

மாணவர் அதிகம் தடுக்கி விழும் இடம் வேறு. வெண்தோல் குறைபாட்டின் ஒடுங்கு மரபணுவைத் தாங்கிய, நோயற்ற பெற்றோருக்கு நோயற்ற குழந்தை பிறக்கிறது; அது தாங்கியாக இருக்கும் வாய்ப்பு என்ன? பலர் 1/2 என்று குறித்துவிடுகின்றனர். குழந்தைக்கு நோயில்லை என்று வினாவே சொல்லிவிட்டதால் aa கட்டத்தை முதலில் அடித்துவிட வேண்டும். மீதமுள்ள மூன்றில் இரண்டு Aa என்பதால் விடை 2/3.

பெருக்கும் வழி, மரபணுக்கள் தனித்தனியே பிரியும்போது மட்டுமே செல்லும். பேட்சன், புன்னட் குழுவினர் இனிப்புப் பட்டாணியில் பூ நிறத்தையும் மகரந்தத்தூள் வடிவத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டாம் தலைமுறையின் 6,952 செடிகளில் சிவப்புப் பூவும் உருண்டை மகரந்தமும் உடையவை 1,338 இருந்தன. 9:3:3:1 விகிதப்படி 435 அளவே இருந்திருக்க வேண்டும். இரண்டு மரபணுக்களும் ஒரே குரோமோசோமில் பிணைந்திருந்ததே காரணம். வினாவில் பிணைப்பு என்ற சொல்லோ மறுசேர்க்கைச் சதவீதமோ வந்தால் ஒவ்வோர் இனச்செல்லுக்கும் அதன் பங்கை எழுதிவிட்டே பெருக்க வேண்டும். AB ஒரு குரோமோசோமிலும் ab மற்றதிலும் இருக்க, மறுசேர்க்கை 20 சதவீதமானால் AB, ab தலா 40, Ab, aB தலா 10 சதவீதம். அத்தகைய இருவர் கலந்தால் aabb சந்ததி 16 சதவீதம்.